குழாயோட்ட விடையை மறுபடி பார்க்கக் கோரிப் பேராசிரியருக்குக் கடிதம்: உராய்வுக் காரணி 0.0053 என்று எழுதியது தவறா?

இரண்டாமாண்டு_மாணவி

அனைவருக்கும் வணக்கம். பாய்ம இயக்கவியல் தேர்வின் திருத்தப்பட்ட விடைத்தாள் கைக்கு வந்திருக்கிறது. அதில் 12 மதிப்பெண்ணுக்கான குழாயோட்ட வினாவில் எனக்கு 4 மட்டுமே கிடைத்துள்ளது. விடை சரி என்று நான் நம்புவதால், மறுபடி பார்க்குமாறு பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுத விரும்புகிறேன். மரியாதை குறையாமலும், அதே வேளையில் சொல்ல வேண்டியது தெளிவாகவும் இருக்கும்படி அதை எவ்வாறு எழுதுவது என்று ஆலோசனை கேட்கிறேன்.

வினா இதுதான். இரண்டு தொட்டிகளை 100 மீட்டர் நீளமும் 50 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட வழுவழுப்பான குழாய் இணைக்கிறது. நீரின் சராசரித் திசைவேகம் வினாடிக்கு 1 மீட்டர். இயக்கப் பாகுநிலை 1 × 10⁻⁶ m²/s. (அ) உராய்வுக் காரணியைக் காண்க, 4 மதிப்பெண். (ஆ) உராய்வினால் ஏற்படும் தலையிழப்பைக் காண்க; 5 மதிப்பெண். (இ) நுழைவு, வெளியேற்ற இழப்புகளையும் சேர்த்துத் தொட்டிகளின் நீர்மட்ட வேறுபாட்டைக் காண்க, 3 மதிப்பெண்.

என் விடைத்தாளில் உள்ளது:

```
Re = Vd/ν = 50000
f  = 0.079/Re^0.25 = 0.00528
hf = 4fLV²/(2gd)
   = 4 × 0.00528 × 100 × 1² / (2 × 9.81 × 0.05) = 2.15 m
H  = 2.15 + 0.5V²/2g + V²/2g = 2.23 m
```

0.00528 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் 0.0211 என்று எழுதியிருக்கிறார்கள். 4fLV² என்ற வரியின் மேல் பெருக்கல் குறி இருக்கிறது. (அ)வுக்கு 2, (ஆ)வுக்கு 1, (இ)க்கு 1. நான் எழுதி வைத்திருக்கும் கடிதத்தின் முதல் பத்தி:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் விடைத்தாளைத் திருத்துகையில் தங்கள் தரப்பில் ஏற்பட்ட கவனக்குறைவினால் எனக்கு 8 மதிப்பெண்கள் அநியாயமாகக் குறைந்துவிட்டன என்பதை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் பயன்படுத்திய சூத்திரம் பல பாடநூல்களில் உள்ளதே ஆகும்."

மூடி_வரைபடம்

கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ரெனால்ட்ஸ் எண் 50,000 என்றால், வழுவழுப்பான குழாய்க்கு மூடி வரைபடத்தில் 0.021 என்றுதான் வருகிறது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். உங்களுடைய 0.0053 அதில் நான்கில் ஒரு பங்குதான். அந்த வரைபடத்தின் மிக அடிமட்டக் கோட்டுக்கும் கீழே போகிறது. ஆகவே திருத்தியவர் வட்டம் போட்டது சரியே. தவிரவும் பிளாசியஸ் வாய்பாடு தோராயமானது. கோல்புரூக் சமன்பாட்டைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். இந்நிலையில் கடிதம் கொடுத்தால் இருக்கிற 4 மதிப்பெண்ணும் கேள்விக்குள்ளாகலாம்.

விடைத்தாள்_திருத்தியவர்

பல ஆண்டுகள் இந்தப் பாடத்தின் தாள்களைத் திருத்திய அனுபவத்தில் எழுதுகிறேன். மூடி_வரைபடம் அவர்கள் வரைபடத்தைச் சரியாகவே படித்திருக்கிறார். ஆனால் அந்த வரைபடம் எந்த உராய்வுக் காரணிக்காக வரையப்பட்டது என்பதைக் கவனிக்கவில்லை. 1944இல் மூடி வெளியிட்ட வரைபடத்தில் இருப்பது டார்சியின் காரணி. மாணவி எழுதியிருப்பது ஃபானிங்கின் காரணி. முன்னது பின்னதைப் போல் சரியாக நான்கு மடங்கு. 0.00528ஐ நான்கால் பெருக்கினால் 0.0211. சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கும் எண்ணும் அதுவே.

ஆகவே இங்கே இரண்டு முறைகள் இருக்கின்றன. டார்சி காரணியை எடுத்தால் 0.316/Re^0.25, அதனுடன் fLV²/2gd. ஃபானிங் காரணியை எடுத்தால் 0.079/Re^0.25, அதனுடன் 4fLV²/2gd. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பின்பற்றினால் தலையிழப்பு 2.15 மீட்டர்தான் வரும். மாணவி கடைசிவரை ஒன்றையே பின்பற்றியிருக்கிறார்.

ஒரு வரைபடமோ வாய்பாடோ எந்தக் காரணியைச் சொல்கிறது என்று சந்தேகம் வந்தால், சீரோட்டப் பகுதியைப் பார்த்தால் போதும். அங்கே கோடு 64/Re என்று இருந்தால் டார்சி. 16/Re என்று இருந்தால் ஃபானிங். ரெனால்ட்ஸ் எண் 1000இல் முன்னது 0.064, பின்னது 0.016. இரண்டு வகை வரைபடங்களும் பாடநூல்களில் புழங்குகின்றன. அச்சில் இரண்டுக்கும் ஒரே f எழுத்துதான் இருக்கும்.

இனித் திருத்தியவர் பக்கத்தைச் சொல்கிறேன். விடைக்குறிப்பில் f = 0.0211 என்று இருக்கிறது. கட்டுக்கட்டாகத் தாள்கள் காத்திருக்கும்போது கண் முதலில் தேடுவது அந்த இடைநிலை எண்ணைத்தான். அது பொருந்தாவிட்டால் அடுத்த வரியில் இருக்கும் 4 என்ற இலக்கம் தேவையில்லாமல் நுழைந்ததாகத் தோன்றும். அதற்கடுத்த விடை விடைக்குறிப்போடு பொருந்தினாலும், தவறான படிகளிலிருந்து தற்செயலாக வந்த எண் என்ற ஐயம் எழும். பல நேரங்களில் முதல் திருத்தத்தைச் செய்பவர் பேராசிரியராகக்கூட இருக்கமாட்டார், ஓர் உதவியாளராக இருப்பார். இந்த நிலையில் "தங்கள் தரப்பில் ஏற்பட்ட கவனக்குறைவு" என்ற சொற்றொடர் கடிதத்தின் முதல் வாக்கியத்திலேயே நின்றால், படிப்பவர் உங்கள் கணக்கைப் பார்ப்பதற்கு முன் தம்மைக் காத்துக்கொள்ளவே முனைவார். "அநியாயமாக" என்பதையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் "மிகுந்த பணிவுடன்" அந்தக் காயத்தை ஆற்றப்போவதில்லை.

மூடி_வரைபடம்

நான்கு மடங்கு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதை நான் கவனிக்கவில்லை. ஆனால் பிளாசியஸ் தோராயமானது என்று சொன்னதில் தவறில்லையே?

விடைத்தாள்_திருத்தியவர்

தோராயமானதுதான். ஆயினும் வழுவழுப்பான குழாயில் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 4,000 முதல் 1,00,000 வரை அது நன்றாகவே பொருந்துகிறது. 50,000 அந்த எல்லைக்குள் வருகிறது. கோல்புரூக் சமன்பாட்டில் சொரசொரப்பைச் சுழியமாக்கித் தீர்த்தால் டார்சி காரணி 0.0209 வரும், தலையிழப்பு 2.13 மீட்டர். வேறுபாடு ஒரு விழுக்காடு அளவுதான். தவிர, திருத்தியவர் எழுதிய 0.0211 பிளாசியஸ் வாய்பாட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. ஆகவே வாய்பாட்டைத் தேர்ந்தெடுத்ததில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

நானும்_கேட்டேன்

என் அனுபவத்தையும் சொல்கிறேன். இதே போன்ற வினாவில் எனக்கும் மதிப்பெண் குறைந்தது. நானும் கடிதம் கொடுத்தேன். "விடையில் மாற்றமில்லை" என்று திருப்பிவிட்டார்கள். நான் எழுதியதும் 4fLV²/2gdதான். மூடி வரைபடத்திலிருந்து f = 0.021 என்று எடுத்துப் போட்டேன். "நான்கு மடங்குச் சூத்திரமும் சரியானதே" என்று பாடநூலின் பக்கத்தையே படியெடுத்து இணைத்தும் அவர்கள் ஏற்கவில்லை. ஆகவே கடிதத்தால் பயன் ஏதும் விளையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேதிப்பொறியாளர்

நண்பரே, உங்களுடையதும் இந்த மாணவியுடையதும் ஒன்றல்ல. நீங்கள் டார்சியின் எண்ணை எடுத்து ஃபானிங்கின் சூத்திரத்தில் இட்டிருக்கிறீர்கள். இந்த வினாவின் அளவுகளுக்கு அவ்வாறு செய்தால் தலையிழப்பு 8.6 மீட்டர் என்று வரும். உண்மையில் இருப்பதைப் போல் நான்கு மடங்கு. சூத்திரமும் சரி, எண்ணும் சரி. இரண்டையும் சேர்த்தது பொருந்தவில்லை. அதைத் திருத்தியவர் குறைத்தது முறையே. நீங்கள் இணைத்த பாடநூல் பக்கத்திலேயே f எந்த வாய்பாட்டிலிருந்து வருகிறது என்று சில வரிகள் மேலே எழுதியிருப்பார்கள்.

மாணவிக்கு ஒன்று. எங்கள் துறையில் ஃபானிங் காரணியே பெருவழக்கு. கட்டடவியல், இயந்திரவியல் துறைகளில் டார்சி காரணி மிகுதி. ஃபானிங் காரணிக்கு நேரடியான ஒரு பொருள் இருக்கிறது: குழாயின் உட்சுவரில் நீர் ஏற்படுத்தும் உராய்வுத் தகைவை ρV²/2 என்ற அளவால் வகுத்தால் கிடைப்பது அதுவே. இதை வைத்து உங்கள் விடையை வேறொரு வழியிலும் சரிபார்க்கலாம். சுவர்த் தகைவு 0.00528 × 1000 × 1²/2, அதாவது 2.64 பாஸ்கல். சுவர் முழுவதிலும் செயல்படும் உராய்வு விசையை, இரு முனைகளின் அழுத்த வேறுபாடு தாங்க வேண்டும். எனவே அழுத்த வீழ்ச்சி 4 × 2.64 × 100/0.05, அதாவது ஏறத்தாழ 21,100 பாஸ்கல். இதை 9810ஆல் வகுத்தால் 2.15 மீட்டர். அந்த 4 எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கே தெரிகிறது: சுற்றளவு πd, குறுக்குப்பரப்பு πd²/4, ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது பிறக்கும் 4 அது. இதைக் கடிதத்தில் சேர்த்தால் யாரும் மறுக்க முடியாது.

விடைத்தாள்_திருத்தியவர்

வேதிப்பொறியாளர் சொன்ன சரிபார்ப்பு அழகானது. ஆனால் அதைக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. மறுபார்வை என்பது தாளில் ஏற்கெனவே இருப்பதைப் பார்ப்பது. தேர்வறையில் எழுதாத ஒரு நிறுவலைக் கடிதத்தில் வைத்தால், மாணவி தேர்வுக்குப் பிறகு கற்றுக்கொண்டதை வைத்து வாதாடுகிறார் என்று ஆகிவிடும். நேரில் கூப்பிட்டுக் கேட்டால் அப்போது சொல்லலாம்.

மாணவியிடம் இரண்டு கேள்விகள். முதலாவது, f என்பது ஃபானிங் காரணி என்று விடைத்தாளில் எங்கேனும் ஒரு சொல்லாவது எழுதியிருக்கிறீர்களா? இரண்டாவது, வினாத்தாளிலோ அதனுடன் தந்த வாய்பாட்டுப் பக்கத்திலோ எந்தக் காரணி என்று குறிப்பிட்டிருந்ததா?

இரண்டாமாண்டு_மாணவி

மிக்க நன்றி, ஐயா. "ஃபானிங்" என்ற சொல்லை நான் எழுதவில்லை, 0.079 வாய்பாடும் 4fLV² சூத்திரமும் மட்டுமே இருக்கின்றன. வினாவில் "உராய்வுக் காரணி" என்று மட்டும் இருந்தது. வாய்பாட்டுப் பக்கம் எதுவும் தரப்படவில்லை. வகுப்பில் பேராசிரியர் டார்சி காரணியைத்தான் பயன்படுத்தினார். நான் படித்த நூலில் மற்றது இருந்தது. என் தோழி ஒருத்தி இதே முறையில் எழுதி முழு மதிப்பெண் பெற்றிருக்கிறாள். அதைக் கடிதத்தில் குறிப்பிடலாமா?

விடைத்தாள்_திருத்தியவர்

தோழியின் தாளைக் குறிப்பிடாதீர்கள். உங்கள் விடை சரியா என்பதற்கு அது சான்றாகாது. அவருடைய மதிப்பெண்ணையும் மறுபடி பார்க்க வேண்டிய நிலையை உண்டாக்கலாம். உங்களுக்கு அது தேவையும் இல்லை. தேவையான சான்று முழுவதும் உங்கள் தாளிலேயே இருக்கிறது.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், மூன்று பிரிவுகளும் ஒரே நிலையில் இல்லை. (ஆ)வில் கேட்டது தலையிழப்பு. அது ஒரு பௌதிக அளவு. எந்தக் காரணியைப் பயன்படுத்தினாலும் மாறாதது. நீங்கள் கண்ட 2.15 சரி, படிகளும் தமக்குள் பொருந்துகின்றன. இதில் நீங்கள் உறுதியாகக் கேட்கலாம். (இ) அதைப் பின்தொடர்கிறது: நுழைவுக்கு 0.025, வெளியேற்றத்துக்கு 0.051, மொத்தம் 2.23. வெளியேற்ற இழப்பைப் பலர் விட்டுவிடுவார்கள், நீங்கள் விடவில்லை. (அ) மட்டும் வேறு. அங்கே கேட்டதே உராய்வுக் காரணி. வகுப்பில் f என்றால் டார்சி என்று நிலைநாட்டியிருக்கும்போது, பெயர் குறிப்பிடாமல் 0.00528 என்று எழுதினால், "நான் கேட்டது இதுவன்று" என்று சொல்லப் பேராசிரியருக்கு இடமிருக்கிறது. அந்தப் பிரிவில் முடிவை அவருக்கே விட்டுவிடுவது நல்லது.

வேதிப்பொறியாளர்

இதில் நான் உடன்படவில்லை. வினாத்தாள் குறிப்பிடாத ஒன்றை மாணவி ஊகிக்க வேண்டும் என்பது முறையன்று. 0.079 என்று எழுதிய உடனேயே அது ஃபானிங் காரணி என்பது துறையறிந்த எவருக்கும் விளங்கும், 0.316 என்றால் டார்சி என்பது எவ்வளவு தெளிவோ அவ்வளவு தெளிவு. (அ)வுக்கும் முழு மதிப்பெண் கேட்க வேண்டும் என்பேன்.

விடைத்தாள்_திருத்தியவர்

உங்கள் வாதத்துக்கு வலுவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 8 மதிப்பெண்ணில் 6 மறுக்க முடியாதவை. 2 மட்டும் விவாதத்துக்குரியவை. எல்லாவற்றையும் ஒரே குரலில் கேட்டால், அந்த இரண்டைப் பற்றிய விவாதம் ஆறையும் உடன் இழுத்துக்கொண்டு போகக்கூடும். கடிதத்தில் (ஆ)வை முன்னால் வைத்து, (அ)வைக் கடைசியில் ஒரு வாக்கியத்தில் வைக்கச் சொல்வதற்கு அதுவே காரணம்.

படிவம்_எண்_எது

மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கத் தனிப் படிவமும் கட்டணமும் இருக்குமே? கடிதம் எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா? கூட்டலில் பிழை இருந்தால் தேர்வுப் பிரிவுக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

விடைத்தாள்_திருத்தியவர்

இங்கே கூட்டல் சரியாகவே இருக்கிறது. 2, 1, 1 சேர்ந்தால் 4. மறுகூட்டல் கேட்டால் அதே 4தான் திரும்பி வரும். மாணவி கேட்பது ஒரு விடையின் மதிப்பீட்டை மறுபடி பார்க்கும்படி. உங்கள் நிறுவனத்தில் அதற்கு முறைப்படியான படிவமும் கடைசி நாளும் இருந்தால், கடிதத்தை அந்தப் படிவத்துடன் இணைத்து அந்த நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாமாண்டு_மாணவி

சொன்னபடி மாற்றி எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்ம இயக்கவியல் தேர்வில் 6ஆம் வினாவுக்கு நான் எழுதிய விடையை, தங்களுக்கு நேரம் வாய்க்கும்போது ஒருமுறை மறுபடி பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விடை என் தாளின் 9, 10ஆம் பக்கங்களில் உள்ளது; அவற்றின் படிகளை இணைத்துள்ளேன்.

பிரிவு (ஆ)வில் நான் f = 0.079/Re^0.25 என்ற வாய்பாட்டையும், அதற்குரிய 4fLV²/2gd என்ற சூத்திரத்தையும் பயன்படுத்தியிருக்கிறேன். இந்த f ஃபானிங் காரணி ஆகும். 9ஆம் பக்கத்தின் கடைசி வரியில் உள்ள 4 × 0.00528 என்ற பெருக்கம் 0.0211க்குச் சமம், இது தாளில் தாங்கள் குறித்துள்ள மதிப்பே ஆகும். அதன்படி தலையிழப்பு 2.15 மீட்டர் என்றும், பிரிவு (இ)யில் நீர்மட்ட வேறுபாடு 2.23 மீட்டர் என்றும் கண்டிருக்கிறேன். இவ்விரு பிரிவுகளின் படிகளையும் இந்த அடிப்படையில் பார்க்க வேண்டுகிறேன்.

பிரிவு (அ)வில் நான் எழுதிய மதிப்பு ஃபானிங் காரணி என்பதைத் தாளில் பெயரிட்டுக் குறிப்பிடவில்லை. அதை ஏற்பது குறித்துத் தங்கள் முடிவை ஏற்றுக்கொள்கிறேன். நேரில் விளக்கம் தேவையெனில், தாங்கள் குறிப்பிடும் நேரத்தில் வரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி"

விடைத்தாள்_திருத்தியவர்

நன்றாக வந்திருக்கிறது. "4 × 0.00528 என்ற பெருக்கம் 0.0211க்குச் சமம்" என்ற வரிதான் இந்தக் கடிதத்தின் உயிர், சிவப்பு மையில் எழுதப்பட்ட எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் உள்ள உறவை அவர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ஒரே ஒரு மாற்றம்: "தாங்கள் குறித்துள்ள மதிப்பே" என்பதைத் "தாளில் குறிக்கப்பட்டுள்ள மதிப்பே" என்று மாற்றுங்கள், குறித்தவர் வேறொருவராக இருக்கலாம். கொடுக்கும் தாளில் புதிதாக ஒரு கோடும் போடாதீர்கள்; பென்சிலால்கூட அடிக்கோடிட வேண்டாம். பிற்பாடு அது ஐயத்துக்கு இடமாகிவிடும்.

வேதிப்பொறியாளர்

"தங்கள் முடிவை ஏற்றுக்கொள்கிறேன்" என்ற வாக்கியம் அந்த 2 மதிப்பெண்ணையும் கேட்காமலேயே விட்டுக்கொடுப்பதாக எனக்குப் படுகிறது. "அதையும் பரிசீலிக்க வேண்டுகிறேன்" என்று எழுதினால் மரியாதையில் எந்தக் குறையும் வராதே?

மூடி_வரைபடம்

எனக்கும் அப்படியே தோன்றுகிறது. ஆனால் வகுப்பில் டார்சி காரணியைத்தான் நடத்தினார் என்று மாணவியே சொல்லியிருப்பதால், பேராசிரியர் அதற்கு இசைவாரா என்பது தெரியவில்லை.

இரண்டாமாண்டு_மாணவி

அந்த வாக்கியத்தை "அதையும் பரிசீலிக்க வேண்டுகிறேன், தங்கள் முடிவு எதுவாயினும் ஏற்றுக்கொள்கிறேன்" என்று மாற்றிவிட்டேன், "தாளில் குறிக்கப்பட்டுள்ள" என்ற திருத்தத்தையும் செய்துவிட்டேன். கடிதத்தை நாளைக் காலை துறை அலுவலகத்தில் கொடுக்கிறேன்.

நானும்_கேட்டேன்

வேதிப்பொறியாளர் சொன்ன பிறகு என் பழைய தாளை எடுத்துப் பார்த்தேன், 0.021உம் 4உம் ஒரே வரியில் இருக்கின்றன. ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது. ரெனால்ட்ஸ் எண்ணும் சூத்திரமும் சரியாக இருந்து, பொருந்தாத காரணியை இட்டதற்காக மட்டும் அந்தப் பிரிவில் சுழியம் போடுவது வழக்கமா, அல்லது படி மதிப்பெண் ஏதேனும் தர வேண்டுமா?

விடைத்தாள்_திருத்தியவர்

நான் திருத்தியிருந்தால் 5க்கு 2 கொடுத்திருப்பேன். சுழியம் போடுபவர்களும் இருக்கிறார்கள். நான்கு மடங்குப் பிழையுள்ள எண்ணை வைத்து ஒரு பம்பைத் தேர்ந்தெடுத்தால் என்னவாகும் என்று அவர்கள் கேட்பார்கள்.